தங்கம் தோற்ற இருபது ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'விலைவாசியை வெல்லும் தங்கம்' கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறப்போகும் என் அண்ணனும் படித்திருக்கிறார். மறுநாளே தொலைபேசியில் அழைத்து, கையில் வரப்போகும் தொகை முழுவதையும் தங்கமாக மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். "விலைவாசி ஏறினா தங்கமும் ஏறும்மா. ஐம்பது வருஷக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க, பார்த்தியா?" என்றார். பார்த்தேன். பார்த்ததால்தான் இந்தக் கடிதம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியே வாழ்ந்தவள் நான். அந்த வரைபடம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியவில்லை.

அது 1971-ல் தொடங்குகிறது. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம் தங்கம் 35 டாலர் என்று முதல் புள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த 35 டாலர் சந்தை வைத்த விலை அல்ல. 1934-ல் அமெரிக்க அரசு நிர்ணயித்து, 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்குமான பிணைப்பை அறுக்கும் வரை கட்டிப்போட்டு வைத்திருந்த விலை. அந்த 37 ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்கு ஆகிவிட்டது. தங்கத்தின் விலையோ பெரும்பாலும் அதே இடத்தில் நின்றது. ஆக, வரைபடத்தின் தொடக்கத்தில் தெரியும் செங்குத்தான ஏற்றத்தில் ஒரு பெரும்பகுதி, அடைத்து வைத்த தண்ணீர் மடை திறந்ததும் பாய்ந்தது போன்றது. அந்தப் பாய்ச்சலில் சாதாரண அமெரிக்கக் குடும்பத்துக்குப் பங்கும் இல்லை. 1974 டிசம்பர் 31 வரை அவர்கள் தங்கக் கட்டி வாங்கி வைத்திருக்கவே சட்டம் இடம் தரவில்லை.

தொடக்கப் புள்ளியை நகர்த்திப் பார்த்தால் கதை மாறிவிடும். 1971-ல் தொடங்கினால், 2001-ல்கூட தங்கம் பணவீக்கத்தை வென்றுவிட்டதாகவே தெரியும். கட்டிப்போட்ட காலத்தையும் சேர்த்து 1934-ல் தொடங்கினால் அதே 2001-ல் அது தோற்றிருக்கும். 35 டாலர் விலைவாசிக்கு ஈடாக வளர்ந்திருந்தால் 460 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த ஆண்டின் சராசரி விலை சுமார் 271 டாலர்தான்.

சதவீதங்களைச் சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார். அதனால் அவருக்கு வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே தருகிறேன். இதற்கு அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும், தங்கத்தின் ஆண்டுச் சராசரி விலையும் போதும்.

1980-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் அமெரிக்காவில் பணவீக்கம் 13 சதவீதத்துக்கு மேல். பயந்துபோன ஒருவர் தன் சேமிப்பைத் தங்கத்தில் போடுகிறார் என்று வையுங்கள். அவர் உச்ச விலையில் மாட்டிக்கொண்டதாக வைக்கவில்லை, ஆண்டின் சராசரி விலையான சுமார் 610 டாலருக்கே வாங்குகிறார். ஓர் ஆண்டுக் குடும்பச் செலவு 6,100 டாலர் என்றால், பத்து அவுன்ஸ் விற்றால் ஓர் ஆண்டை ஓட்டிவிடலாம். அவர் 100 அவுன்ஸ் சேர்த்துவிட்டார். பத்து ஆண்டுச் செலவுக்கான தங்கம் பெட்டியில் இருக்கிறது. விலைவாசி எங்கே போனாலும் இது பத்து ஆண்டுச் செலவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் பூட்டி வைக்கிறார்.

20 ஆண்டு கழித்து, 2000-ல், ஓய்வு பெற்று வந்து பெட்டியைத் திறக்கிறார். அதே குடும்பம், அதே வாழ்க்கை. விலைவாசி இரு மடங்கைச் சற்றே தாண்டிவிட்டதால் ஆண்டுச் செலவு சுமார் 12,750 டாலர். தங்கத்தின் சராசரி விலை சுமார் 279 டாலர். இப்போது ஓர் ஆண்டை ஓட்ட எத்தனை அவுன்ஸ் விற்க வேண்டும்? 46. பத்து அவுன்ஸில் முடிந்த ஓர் ஆண்டுக்கு 46 அவுன்ஸ் தேவைப்படுகிறது. பத்து ஆண்டு தாங்கும் என்று நினைத்த பெட்டி இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும்தான் தாங்கும். தங்கம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை, வாழ்நாள்தான் குறைந்துவிட்டது.

"1980-ல வாங்கினவன் உச்சத்துல வாங்கினான், அது அவன் தலையெழுத்து" என்றார் அண்ணன். நியாயமான மறுப்புதான். 1980 ஜனவரி 21-ல் லண்டனில் விலை 850 டாலரைத் தொட்டது. அன்று வாங்கியவர் அதே 850-ஐ மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தார். பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், போட்ட பணத்தின் மதிப்பு 2025-ல்தான் திரும்பியது. 45 ஆண்டு! ஆனால் அந்த ஒரு நாளை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. உச்சத்தை விட்டுவிடுவோம், விலை நன்றாக இறங்கிய பிறகு பொறுமையாக வாங்கியவரைப் பார்ப்போம். 1985-ல் சராசரி விலை சுமார் 317 டாலர். ஐந்தே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி ஆகிவிட்டது, இதைவிட மலிவு ஏது என்று எவருக்கும் தோன்றும். அங்கிருந்து 2001-க்குள் விலைவாசி 65 சதவீதம் ஏறியது. தங்கம் ஈடுகொடுத்திருந்தால் 520 டாலர் ஆகியிருக்க வேண்டும், இருந்தது 271. சரிவில் வாங்கியவருக்கும் 16 ஆண்டில் பாதி போய்விட்டது. இன்னும் பின்னால் போய், 1976 ஆகஸ்டில் சுமார் 103 டாலர் என்ற அடிமட்ட விலைக்கு வாங்கியவரைக் கேட்டாலும், 25 ஆண்டு கழித்து 2001-ல் அவர் விலைவாசிக்குச் சற்றுப் பின்தங்கியே இருப்பார்.

இது ஏன் நடந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. விலைவாசி ஏறுவதைப் பார்த்து மட்டும் தங்கம் நகர்வதில்லை. அதற்கு வட்டி கிடையாது, வாடகை கிடையாது. ஆகவே மக்கள் அதைப் பக்கத்தில் கிடைக்கும் வட்டியோடு ஒப்பிட்டுத்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பணவீக்கம் 10 சதவீதம், வட்டி 6 சதவீதம் என்றால் வங்கியில் இருக்கும் பணம் கரைகிறது, தங்கம் பளபளக்கிறது. 1970-களில் அடிக்கடி இருந்த நிலை அதுதான். 1979-ல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக வந்த பால் வோல்க்கர் அதைத் தலைகீழாக்கினார். குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டி ஏறியது. 1983-க்குள் பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. அதன் பிறகும் அரசுக் கடன் பத்திரங்கள் சில ஆண்டுகள் 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. பணவீக்கம் போக ஏழெட்டு சதவீதம் கையில் மிஞ்சும்போது, வட்டியே தராத உலோகத்தைப் பூட்டி வைக்க யாருக்கு மனம் வரும்? 1990-களில் மத்திய வங்கிகளே தங்கத்தை விற்றன. பிரிட்டன் 1999-க்கும் 2002-க்கும் இடையே சுமார் 395 டன் விற்றது. அந்த இருபது ஆண்டுகளிலும் விலைவாசி ஏறத்தான் செய்தது. மெதுவாக, ஆண்டுக்கு மூன்று நான்கு சதவீதம். அந்த மெதுவான ஏற்றத்துக்குத் தங்கம் அசையவே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2001-ல் 256 டாலர் வரை இறங்கிய தங்கம் 2011 செப்டம்பரில் 1,895 டாலர் ஆனது. ஏழு மடங்குக்கு மேல். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கப் பணவீக்கம் ஆண்டுக்குச் சராசரி இரண்டரை சதவீதம்தான். பணவீக்கம் குறைவாக இருந்தபோது தங்கம் பறந்திருக்கிறது! அதைச் சரியான நேரத்தில் வாங்கியவருக்குக் கிடைத்த லாபம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். விலைவாசிக்கு எதிரான காப்பு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அண்மைக் கால உதாரணம் வேண்டுமென்றால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளே போதும். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். தங்கம் காப்பு என்றால் அது வேலை செய்ய வேண்டிய நேரம் அதுவே. 2021 தொடக்கத்தில் சுமார் 1,890 டாலர் இருந்த அவுன்ஸ், 2022 முடிவில் 1,820-ஐ ஒட்டி நின்றது. இடையில் விலைவாசி 14 சதவீதம் ஏறிவிட்டது. காரணம் மறுபடியும் வட்டிதான்: பணவீக்கம் போக மைனஸில் இருந்த பத்தாண்டுப் பத்திர வட்டி அந்த இரண்டு ஆண்டில் பிளஸ்ஸுக்கு வந்துவிட்டது. ஆனால் வட்டிக் கணக்கும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. 2022-லிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கியதில், வட்டி உயர்ந்து நின்றபோதும் தங்கம் ஏறியது. இந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் தங்கள் கட்டுரையும் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

"நம்ம கணக்குல அப்படி இறங்கலையே" என்று சொல்லும் வாசகர்கள் இருப்பார்கள். தங்கள் நாட்டு நாணயம் டாலருக்கு எதிராகச் சரிந்துகொண்டே வந்தவர்களுக்கு, டாலரில் இறங்கிய தங்கம்கூட உள்ளூர் விலையில் ஏறியதாகத் தெரிந்திருக்கும். அந்த ஏற்றத்தில் எவ்வளவு தங்கத்தால் வந்தது, எவ்வளவு நாணயச் சரிவால் வந்தது என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அதே காலத்தில் வெறும் டாலரை வட்டியோடு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். 1980-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளுக்கு அப்படிப் போட்டால், தங்கம் எந்த நாணயத்தில் எண்ணினாலும் பின்னால்தான் நிற்கும்.

நூற்றாண்டுக் கணக்கில் தங்கம் தன் மதிப்பைப் பெருமளவு காத்து வந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் அண்ணனுக்கு முன்னால் இருப்பது நூறு ஆண்டு அல்ல, இருபத்தைந்து ஆண்டு. அதிலும் அவர் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் விற்றுச் சாப்பிட வேண்டியவர். விலை இறங்கிய ஆண்டில் அதிக அவுன்ஸ் விற்றாக வேண்டும். பிறகு விலை ஏறும்போது, விற்றுவிட்ட அவுன்ஸ் திரும்பி வராது. பூட்டி வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கட்டுரை இந்த இரண்டு பேரையும் ஒன்றாகவே எண்ணிவிட்டது.

ஒரு வேண்டுகோள். அதே வரைபடத்தை 1980-ல் தொடங்கி, பணவீக்கத்தைக் கழித்து, அடுத்த இதழில் மறுபடி வெளியிடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே, ஓர் ஆண்டுக் குடும்பச் செலவுக்கு எத்தனை அவுன்ஸ் விற்க வேண்டியிருந்தது என்று ஆண்டுவாரியாக ஒரு சின்ன அட்டவணையும் போடுங்கள். அண்ணன் இன்னும் பணத்தை மாற்றவில்லை. அடுத்த இதழ் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்காளர்