குளத்தில் ஊற்றும் தண்ணீர் குளத்தில் நிற்கவில்லை: கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் திருக்குளத்தின் படித்துறையிலும், கோபுர வாசலில் கால் கழுவும் இடத்திலும் புதிய அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கிறீர்கள். "வறட்சி காரணமாகக் குளத்தில் இறங்கிக் குளிக்கத் தடை. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று இரண்டிலும் ஒரே வாசகம். வறட்சியை நீங்கள் பொருட்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பலகை தடுக்கும் இடத்தில் தண்ணீர் வீணாகவில்லை. வீணாகும் இடங்களைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாள்தோறும் அந்தப் படியில் உட்காருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் குளம். தினமும் காலை இரண்டு மணி நேரம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஓட்டிக் குளத்தில் தண்ணீர் விடுகிறீர்கள். குழாய் வாயில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று வினாடியில் நிரம்பியது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்கு 24,000 லிட்டர். இவ்வளவு விட்டும் நீர்மட்டம் ஏறவில்லை என்பதைப் படிக்கட்டே காட்டுகிறது. தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, மோட்டார் பழுதாகி நின்ற மூன்று நாட்களில் விடை கிடைத்தது.

செய்தது எளிய சோதனைதான். யாரும் இறங்காத தென்மேற்கு மூலையில், நீருக்குள் இருக்கும் படியில் ஓர் அகலமான அண்டாவைக் கழுத்தளவு அமிழ்த்தி வைத்தேன். மிதந்து நகராமல் இருக்க அடியில் கருங்கற்கள். வெளியே குளத்து நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, உள்ளேயும் அதே மட்டத்துக்கு அதே குளத்து நீரை ஊற்றினேன். காக்கை குடிக்காமல் இருக்க மேலே பழைய மீன்வலையை விரித்தேன். அண்டாவின் உட்புறம் ஒரு கோடு, பக்கத்துப் படிக்கல்லில் ஒரு கோடு. ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே சூடு. அண்டாவில் குறைவது ஆவியாவது மட்டுமே. குளத்தில் அதைவிட அதிகமாகக் குறைவது மண்ணுக்குள் இறங்குவது.

மூன்று நாட்கள் கழித்து அண்டாவில் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. குளத்தில் 5 சென்டிமீட்டர். இப்போது நீர்ப்பரப்பு சுமார் 40 மீட்டருக்கு 40 மீட்டர், அதாவது 1,600 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 26,700 லிட்டர் போகிறது. அதில் 10,700 லிட்டர் வெயில் குடிப்பது. மீதி 16,000 லிட்டர் அடியில் இறங்குவது. நீங்கள் விடும் 24,000 லிட்டர் அந்த இழப்பைக் கூட ஈடுகட்டவில்லை.

அடியில் இறங்குவது நிலத்தடி நீராகத்தானே சேர்கிறது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் குளம் செய்ய வேண்டிய வேலையே அதுதான். நான்கு மாடவீதிக் கிணறுகளும் அதனால்தான் ஊறின. ஆனால் இப்போது நடப்பது வேறு. ஆழத்துப் பாறை இடுக்கிலிருந்து உறிஞ்சிய நீரை மேல்மண்ணில் கொட்டுகிறோம். அது மறுபடி அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர எத்தனையோ காலம் ஆகும். இந்தக் கோடையில் நம் ஆழ்துளைக் கிணற்றுக்கு அது திரும்பி வராது.

இவ்வளவு வேகமாக இறங்குவதற்குக் காரணம், முன்பு தூர் வாரியபோது பொக்லைன் இயந்திரத்தால் ஆழமாகத் தோண்டியதுதான் என்று நினைக்கிறேன். குளத்தின் அடியில் மேலே இருப்பது வண்டல். அதைத்தான் அள்ள வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்கி நிற்பது. வண்டல் கறுத்துக் குழைந்து நாறும். களி பிசுபிசுவென்று கையில் ஒட்டும், உருட்டினால் உடையாமல் திரியாக நீளும். இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. களியையும் அள்ளிவிட்டால் குளம் சல்லடைதான். இந்த வறட்சியில் மறுபடி தூர் வார ஏலம் விடப் போவதாகக் கேள்விப்பட்டேன். மண்வெட்டியால் வண்டலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிளந்த இடங்களில் களிமண்ணை நனைத்து மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். தயவுசெய்து கான்கிரீட் போட்டு மூடிவிடாதீர்கள். அடுத்த மழையில் வீதிக் கிணறுகளுக்கு ஒரு சொட்டும் போகாது.

குளத்தை வற்றவிடுவதா என்று மனம் பதறும். எனக்கும் பதறியது. ஆனால் குளத்தின் அமைப்பைப் பாருங்கள். படிகள் உள்நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மட்டம் குறையக் குறையப் பரப்பும் சுருங்கும். நிரம்பியிருக்கும்போது 50 மீட்டருக்கு 50 மீட்டர். நடுப்பள்ளத்தில் மட்டும் நீர் நின்றால் 15 மீட்டருக்கு 15 மீட்டர். இதே வெயிலில் முன்னதில் நாளொன்றுக்கு 16,000 லிட்டருக்கு மேல் ஆவியாகும். பின்னதில் 1,500 லிட்டர். வறட்சியில் குளத்தைப் பரப்பி வைப்பது, வெயிலில் பாயை விரித்து நெல் உலர்த்துவது போலத்தான்.

நடுப்பள்ளத்து நீரை மீன்களுக்காகக் காப்பாற்ற வேண்டும். இடுப்பளவு ஆழம் நின்றால் போதும். ஆவியாவதும் இறங்குவதும் சேர்ந்து அங்கே நாளொன்றுக்கு 4,000 லிட்டருக்குள்தான் குறையும். மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் அதை ஈடுகட்டிவிடலாம். அந்த இருபது நிமிடமும் விடியற்காலையில் இருக்கட்டும். மீன்களுக்கு மூச்சு முட்டுவது விடியலுக்கு முன்புதான். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து நீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டுவிடும். வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டு மீன்கள் கூட்டமாக நின்றால் அதுதான் அடையாளம். ஆழ்துளைத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. ஆகவே குழாயை நீருக்குள் விடாமல், ஆளுயரத்தில் துளையிட்ட குழாய் வழியாகச் சிதறி விழும்படி செய்யுங்கள். பொரி போடுவதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். தின்னாத பொரி அடியில் அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும்.

அடுத்து, குளிக்கத் தடை. ஒருவர் முங்கி எழுந்தால் ஈர வேட்டியோடு எடுத்துப் போவது இரண்டு லிட்டர் இருக்கலாம். 200 பேர் முங்கினால் 400 லிட்டர். இதைத் தடுத்து என்ன மிச்சம்? உண்மையான செலவு அதற்குப் பிறகு வருகிறது. குளத்து நீர் பச்சையாக இருப்பதால், முங்கியவர்களில் பலர் நேரே குளியல் பகுதிக்குப் போய்க் குழாயைத் திறந்து உடம்பு முழுவதையும் மறுபடி கழுவினார்கள். அங்குள்ள குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. மூன்று நான்கு நிமிடம் நின்றால் நாற்பது லிட்டர். இப்போது தடை போட்டதும், குளத்தில் முங்கியதோடு நிறுத்திக்கொண்டிருந்தவர்களும் நேராகக் குழாயடிக்கே போகிறார்கள். உங்கள் பலகை தண்ணீர்ச் செலவைக் கூட்டியிருக்கிறது.

இதற்கு வழி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. சாத்திரங்கள் ஏழு வகை ஸ்நானம் சொல்கின்றன. நீரில் முங்குவதாகிய வாருணம் அதில் ஒன்று மட்டுமே. மந்திரம் சொல்லித் தலையில் நீர் தெளித்துக்கொள்வது மாந்திரம். விபூதி பூசிக்கொள்வது ஆக்நேயம். மனதால் இறைவனை நினைப்பது மானசம். நம் குருக்களிடம் கேட்டேன். "சங்கல்பம் செய்துகொண்டு தீர்த்தத்தை மூன்று முறை தலையில் தெளித்தால் போதும். தெளித்துக்கொண்டவர் தீட்டோடு உள்ளே வருகிறார் என்று யாரும் சொல்ல முடியாது" என்றார். படித்துறையில் ஒரு பித்தளைக் கொப்பரையில் வடிகட்டிய தீர்த்தத்தை வைத்து, அருகில் உத்தரணி ஒன்றையும் வையுங்கள். தடை என்ற சொல்லுக்குப் பதிலாக, என்ன செய்யலாம் என்று பலகை சொல்லட்டும். வெளியூரிலிருந்து பரிகாரத்துக்கு வருகிறவர்கள் வெறும் தடையைப் பார்த்தால் மனம் உடைந்து திரும்புகிறார்கள். சென்ற வெள்ளியன்று ஒரு மூதாட்டி படியிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். தீர்த்தவாரிக்கும் அஸ்திரதேவருக்குப் பெரிய அண்டாவில் முழுக்கு நடத்தலாம். நீர் இல்லாத ஆண்டுகளில் பல கோயில்களில் அப்படித்தான் நடக்கிறது.

கால் கழுவும் இடத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளி மாலை ஒரு மணி நேரம் நின்று எண்ணினேன். 240 பேர். ஒருவர் சராசரியாக அரை நிமிடம் குழாயைத் திறந்து வைக்கிறார், ஆறு லிட்டர். ஒரு செம்பில் மொண்டு ஊற்றினால் ஒரு லிட்டரில் இரண்டு கால்களும் கழுவியாகிவிடும். இரண்டு பெரிய தொட்டியும் பத்துச் செம்பும் வாங்கி வைத்துக் குழாய்களில் ஆறை மூடிவிடுங்கள். முதியோருக்கும் குனிய முடியாதவர்களுக்கும் இரண்டு குழாய்கள் இருக்கட்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயின் கேட் வால்வை வேண்டிய அளவு மூடினாலே வேகம் குறையும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. அழுத்தினால் வந்து தானே நிற்கும் குழாய்கள் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். நம் தண்ணீரில் உப்பு அதிகம்; உள்ளிருக்கும் ஸ்பிரிங்கில் உப்புப் படிந்து, மூடாமல் திறந்தே நின்றுவிடும். மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவ ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இடமிருந்து மூன்றாவது குழாயை இன்றே பாருங்கள். மூடிய பிறகும் நூல் போல ஒழுகுகிறது. ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தேன். நான்கு நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 360 லிட்டர். அறுபது பேர் கால் கழுவும் தண்ணீர் அது. ஒழுகுகிறதே என்று ஒவ்வொருவரும் இறுக்கித் திருகியதில் வாஷர் நசுங்கிவிட்டது. மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

அங்கே ஓடும் நீரில் சோப்பு கிடையாது. ஆகவே சாக்கடைக்கு விடாமல், மண் படிய ஒரு குழி வைத்து நந்தவனத்துக்குத் திருப்பலாம். அன்னதானக் கூடத்தின் கை கழுவும் நீரை மட்டும் அதனோடு சேர்க்க வேண்டாம். எண்ணெயும் சோப்பும் செடியின் வேரடியை அடைத்துவிடும்.

பலகையில் எழுத ஒரு வாசகத்தை இங்கே தருகிறேன். உங்கள் விருப்பம்போல் திருத்திக்கொள்ளுங்கள்.

"மழை வரும் வரை திருக்குளத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பப்படாது. நடுப்பள்ளத்து நீர் மீன்களுக்கு மட்டும். பொரி போட வேண்டாம். தீர்த்தத்தைக் கொப்பரையிலிருந்து மூன்று முறை தலையில் தெளித்துக்கொள்ளலாம். கால் கழுவ ஒரு செம்பு நீர். குழாய் ஒழுகக் கண்டால் இறுக்கித் திருகாமல் அலுவலகத்தில் சொல்லவும்."

அந்த அண்டா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் கணக்கில் ஐயம் இருந்தால் மோட்டாரை மூன்று நாள் நிறுத்திவையுங்கள். உங்கள் ஊழியர் ஒருவரோடு சேர்ந்து மறுபடி அளந்து காட்டுகிறேன். கோடுகளை அவரே போடட்டும்.

பணிவுடன்,
தென்மேற்குப் படித்துறையில் நாள்தோறும் அமரும் ஒரு பக்தன்