காப்புறுதி நிராகரித்த காசை நோயாளியின் வைப்பில் கழிக்காதீர்கள்

திருகோணமலைத் தனியார் வைத்தியசாலைகளின் நிர்வாகத்தினருக்கும் கணக்குப் பிரிவினருக்கும்,

வணக்கம். நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். மூதூரிலிருந்து வந்து நம்ம ஊர் வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் உறவினரின் பில்லைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். இந்தப் பழக்கம் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும்.

மொத்த பில் 2,40,000 ரூபா. அனுமதிக்கும்போது அவர் கட்டிய வைப்பு 60,000. காப்புறுதி நிறுவனம் முன்கூட்டி ஒப்புக்கொண்டது 2,00,000. ஆகவே அவர் பங்கு 40,000. வைப்பில் மிச்சம் 20,000. "க்ளெய்ம் முடியட்டும், பிறகு தருகிறோம்" என்று அதைப் பிடித்து வைத்தார்கள். அதுவரைக்கும் சரி.

காப்புறுதியிலிருந்து வந்தது 1,72,000தான். குறைந்த 28,000இல் 20,000ஐ வைப்பில் கழித்துவிட்டு, மீதி 8,000ஐ அறவிட முடியாக் கடனாகப் பதிவழித்துக் கோப்பை மூடினார்கள். காப்புறுதிக்காரர் அனுப்பிய கடிதத்தை யாரும் வரிவரியாகப் படிக்கவில்லை. கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் மூன்று காரணங்கள் இருந்தன.

துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, மருத்துவம் சாராத பொருட்கள்: 9,000. காப்புறுதியில் இவை அடங்காது. இது நோயாளி கட்டவேண்டியதுதான்.

ஆய்வுகூட அறிக்கை இணைக்கப்படாததால் 6,000. இதை ஏன் பதிவழிக்க வேண்டும்? அறிக்கை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. காலக்கெடுவுக்குள் மறுபடி அனுப்பினால் காசு வர வாய்ப்புண்டு. அதுவரை அது காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய வருமதி.

மிச்சம் 13,000 அறைக்கட்டணம். அவருக்கு உரித்தான அறைதான்; ஆனால் காப்புறுதி நிறுவனத்துடன் பேசிய ஒப்பந்தக் கட்டணத்துக்குப் பதிலாக உங்கள் வழமையான கட்டணத்தைப் போட்டிருக்கிறீர்கள். இது நோயாளியின் கடனல்ல. யாருடைய கடனுமல்ல, முதலிலேயே பில்லில் வந்திருக்கக்கூடாத தொகை. ஆகவே வருமானத்திலிருந்தே குறைக்க வேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமமான எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15இன்படி வருமானம் என்பது உங்களுக்கு உரித்தாகும் தொகைதான். தரவேண்டியவர் தராமல் போகும் கதை எஸ்எல்எஃப்ஆர்எஸ் 9இல் வரும். இரண்டையும் கலந்தால் வருமானமும் கூடித் தெரியும், கடன் நட்டமும் கூடித் தெரியும். கட்டணப் பட்டியல் பிழை என்பது மட்டும் யார் கண்ணிலும் படாது. அடுத்த மாதமும் அதே 13,000 போகும்.

சரியாகச் செய்திருந்தால் 9,000 கழிந்து 11,000 ரூபா அவர் கைக்கு வந்திருக்கும். வைப்பு உங்கள் பணமல்ல, திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கானவர்களின் பெயரில் வைப்புப் பேரேட்டில் இன்னும் மீதி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அங்கேயும் இதேதான் நடக்கக்கூடும்.

நான் கேட்பது இதுதான். நிராகரிப்புக் கடிதத்தின் பிரதியை நோயாளிக்குக் கொடுங்கள். காரணத்தைப் பிரித்து எழுதாமல் எதையும் வைப்பில் கழிக்காதீர்கள். அப்புறம், பில் போட்டவரே பதிவழிப்புக்கும் கையொப்பமிடுவதை நிறுத்துங்கள். கணக்காளர் கடிதத்தையும் ஒப்பந்தக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அனுமதிக்கட்டும். என் உறவினரின் 11,000க்கான கோரிக்கைக் கடிதத்தை உரிய வைத்தியசாலைக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு கணக்காளர்