தையலைப் பார்த்து ஏமாறாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த உன்னை ஒருவழியாக அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு அத்தனை நிம்மதி. உன் முட்டிவலிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இங்கே பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அலுவலகத்துக்குத் தோல் ஷூ வாங்க வேண்டும், கையில் பெரிய தொகை இல்லை, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். போன முறை நான் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஷூவில் சோலின் விளிம்பைச் சுற்றி அழகான வெள்ளைத் தையல் ஓடியது. தைத்த சோல் என்று நம்பி, கூடுதலாகவே கொடுத்து வாங்கினேன். எட்டு மாதத்தில் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொண்டுபோனால், தைப்பவர் பிளவை விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே நூலே இல்லை. மேலே தெரிந்த தையல் அந்த விளிம்புப் பட்டையோடு நின்றுவிட்டது. சோலைப் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் பசைதான்.

பசை போட்டதே குற்றம் என்று நினைத்துவிடாதே. நம் பட்ஜெட்டில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒட்டியவைதான். ஒழுங்காக ஒட்டியிருந்தால் அவையும் நன்றாக உழைக்கும். ஆனால் ஒட்டிய ஷூவுக்குத் தைத்த ஷூவின் விலையைக் கொடுக்கக் கூடாது.

கண்டுபிடிப்பது சுலபம். விளிம்பில் 5 செ.மீ. நீளத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணு. ஷூவைத் திருப்பி அதே இடத்தில் அடியிலும் எண்ணு. உண்மையாகவே ஊடுருவிய தையல் என்றால் இரண்டும் ஒத்துப்போகும். தோல் சோல்களில் சிலசமயம் அடித்தையலைக் கீறிப் புதைத்திருப்பார்கள். அப்போது விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும். ரப்பர் சோலில் தையல் மாதிரித் தெரிவது அச்சில் வார்த்ததாகவும் இருக்கலாம், நகத்தால் நெருடிப் பார்த்தால் நூலா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்னொரு வகையில் உள்ளிருந்தே சோலைத் தைப்பார்கள். அதில் உள்மெத்தையை லேசாகத் தூக்கினால் ஒரு நூல் வரிசை தட்டுப்படும். இவை எதுவும் இல்லையென்றால் அது ஒட்டியதுதான். அப்புறம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவை வளைத்து, மேல்தோலும் சோலும் சேரும் கோட்டைக் கவனி. மயிரிழை இடைவெளி திறந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு.

இப்படி மிச்சமாகும் காசு மேல்தோலுக்குப் போகட்டும். சோல் பிரிந்தால் திரும்ப ஒட்டலாம், சுற்றித் தைக்கலாம். மேல்தோல் வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் எழுந்து, விரலை எடுத்ததும் அடங்கிவிடும். கனமான பூச்சு இருந்தால் முரட்டு மடிப்பாக விழும், பின்னால் வெடிப்பதும் அங்கேதான். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் வெட்டிய ஓரத்தையும் பார். தோல் என்றால் நார்நாராக இருக்கும். துணிமேல் படலம் ஒட்டியதுபோல் தெரிந்தால் ரெக்சின். வாசனையை மட்டும் நம்பாதே, அதையும் சேர்க்க முடியும். சில ஷூக்களில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும்: விரித்த தோலின் வடிவம் என்றால் தோல், அதற்குள் சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் போட்ட தோல், வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ பொருள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பி.யு. என்கிற பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூவைப் பழைய சரக்கு என்று தள்ளுபடியில் கொடுத்தால் வாங்காதே. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை மெதுவாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும்கூட. என் தம்பி கல்யாணத்துக்கு வாங்கியதைச் சில வருடம் பரணில் வைத்திருந்து எடுத்துப் போட்டான். பத்து அடி நடப்பதற்குள் சோல் கட்டிகட்டியாக உதிர்ந்தது. தயாரித்த மாதம் பெட்டியில் இருக்கிறதா பார். ரப்பர் சோல் கிடைத்தால் அதையே எடு. கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை.

சாயங்காலமாகப் போ, கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அதுதான். லேஸை இறுக்கும்போது இரண்டு பக்க மடலுக்கும் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருக்கட்டும். புதிதிலேயே இரண்டும் முட்டிக்கொண்டால், தோல் தளர்ந்த பிறகு இறுக்க இடமே இருக்காது.

சரி, வாங்கியதும் எழுது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொன்னாயே, தேதி முடிவானதா? நான் விடுப்பு எடுத்து வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்