தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டும் அந்த இங்கிலீஷ் லெட்டர் மார்க்கும்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியா முடிஞ்சது, கபடி டீமும் கோகோ டீமும் கப்போட வந்தாங்க, திருக்குறள் போட்டில சின்னப் பிள்ளைங்க அசத்திட்டாங்க, மேலூர் ரூட் பஸ் பிரச்சனையும் ஒரு வழியா தீர்ந்துச்சு. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து, +1 +2 பிள்ளைங்களுக்கு வெளிநாடு போறவங்க எழுதுற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வோட ஜெனரல் டிரெய்னிங் வகை மாதிரியில வச்ச லெட்டர் டெஸ்ட். அங்க காலேஜுக்குப் போறவங்க பெரும்பாலும் அதே தேர்வோட அகாடமிக் வகையைத்தான் எழுதுவாங்க, அதுல லெட்டர் கிடையாது, அது தெரிஞ்சுதான் வச்சோம், பிள்ளைங்க நெசமாவே ஒரு லெட்டர் எழுதிப் பழகணும்னு. இப்ப ஸ்கூலுக்கு வர்ற போன்ல பாதி "தப்பே இல்லாத பேப்பருக்கு ஏன் மார்க் கொறஞ்சது"ங்கிறதுதான்.

ஒரு பேப்பரையே சொல்றேன், பேரு வேணாம். கேள்வி இதுதான்: கடையில வாங்குன டிராவல் பேக் கொஞ்ச நாள்ல பிஞ்சு போச்சு, மேனேஜருக்கு லெட்டர் எழுதணும். என்ன வாங்குனீங்க, என்ன ஆச்சு, கடை என்ன செய்யணும்னு எதிர்பார்க்கிறீங்க, இந்த மூணும் வரணும். கொறஞ்சது 150 வார்த்தை, 20 நிமிஷம், அட்ரஸ் எழுத வேணாம்னு கேள்வியிலயே இருக்கு. நம்ம தம்பி ஃப்ரம், டூ எல்லாம் வரிசையா போட்டுட்டு, "டியர் சார் ஆர் மேடம், ஹவ் ஆர் யூ, ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி"ன்னு ஆரம்பிச்சு, அக்கா கல்யாணத்துக்கு சென்னை போனது, பஸ் ஸ்டாண்ட்ல ஜிப் பிஞ்சு துணி கொட்டுனதுன்னு ரெண்டு பாரா அழகா எழுதிருக்கான். இது புகார்ங்கிறதே ரெண்டாவது பாராவுலதான் தெரியுது. கடைசியில "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்", கையெழுத்து, முடிஞ்சது.

இந்த டெஸ்ட்ல நாலு தலைப்புல மார்க், நாலுக்கும் சம எடை: கேட்டதைச் செஞ்சிருக்கானா, ஒழுங்கா கோர்த்திருக்கானா, வார்த்தை வளம், கிராமர். பின்னாடி மூணுலயும் தம்பிக்கு 7. முதல்ல 4. சராசரி 6.25. அப்பா கேட்டது நியாயமான கேள்விதான், "நீட்ஃபுல்னு எழுதிட்டானே, அது மூணாவது பாயிண்ட் தானே"ன்னு. ஆனா மேனேஜர் அதைப் படிச்சுட்டு என்ன செய்வாரு? காசு தரணுமா, வேற பேக் தரணுமா, தைச்சுக் குடுக்கணுமா, எதுவுமே அதுல இல்ல. மூணுல ஒண்ணு வரலைன்னா அந்தத் தலைப்புல 4 தாண்ட முடியாது. "காசைத் திருப்பிக் குடுங்க"ன்னு ஒத்த வரி இருந்திருந்தாக்கூட, போதாதுன்னாலும் பாயிண்ட் வந்துருச்சுன்னு 5-க்கு வாய்ப்பு உண்டு. அதே கலர்ல வேற பேக் வேணும், இல்லாட்டி முழுப் பணம் வேணும், அடுத்த வாரம் ஊருக்குப் போறதால அதுக்குள்ள வேணும்னு ரெண்டு மூணு வரி விரிச்சு, முதல் வரியிலயே எதுக்கு எழுதுறேன்னு சொல்லி, தொனியும் கடைசிவரை ஒரே மாதிரி இருந்திருந்தா 7-க்குப் போயிருக்கும். பேனா பிடிச்சு திருத்துன மிஸ் சரியாத்தான் போட்டிருக்காங்க, நானும் படிச்சுப் பார்த்துட்டேன்.

தொனிங்கிறது சும்மா இல்ல. முகம் தெரியாத மேனேஜர்கிட்ட குடும்ப நலம் விசாரிக்கிறது எப்படி இடிக்குதோ அதே மாதிரிதான், கூட்டாளிக்கு எழுதச் சொன்ன லெட்டர்ல "ஐ ஆம் ரைட்டிங் டு எக்ஸ்பிரஸ் மை டிஸ்சாட்டிஸ்ஃபேக்ஷன்"னு எழுதுறதும். நாலஞ்சு பேப்பர்ல ஒரே ஆரம்பம், ஒரே முடிவு, வீட்லயோ டியூஷன்லயோ மனப்பாடம் பண்ணுனதுன்னு பார்த்தாலே தெரியுது, ஏன்னா நடுவுல பிள்ளை சொந்தமா எழுதுன இடத்துல மட்டும் குரல் மாறுது. அப்படிக் குரல் மாறுறதுக்கும் இந்த முதல் தலைப்புலதான் அடி விழும்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். போன வாரம் கேட்டுக்கு வெளிய, பிள்ளைங்க முன்னாடி, இங்கிலீஷ் மிஸ்கிட்ட சத்தம் போட்டது சரியில்ல. மார்க்கைக் கூட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும் மாத்த மாட்டோம். வீட்லயிருந்து எழுதிக் குடுத்து விடுற லெட்டரை இனிமே திருத்தவும் மாட்டோம்.

கோவமா சொல்றதா நினைக்காதீங்க. வேலையை விட்டுட்டு ஸ்கூல் வரைக்கும் வந்து பேப்பரைப் பார்க்கிற பெத்தவங்க கிடைக்கிறது எங்களுக்கும் சந்தோஷம்தான், அதுக்கு நன்றி. சனிக்கிழமை காலை 10 மணியிலருந்து 12 வரைக்கும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க, கேள்வித்தாளும் விடைத்தாளும் பக்கத்துல பக்கத்துல வச்சு மிஸ் காட்டுவாங்க. மூணு பாயிண்ட்டும் எந்த வரியில இருக்குன்னு பிள்ளையே பென்சில்ல கோடு போடட்டும், கோடு போட வரி கெடைக்கலைன்னா அந்த லெட்டரை அன்னைக்கே மறுபடி எழுதிக் குடுக்கலாம், அதையும் திருத்தித் தர்றோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்