கழிவறைத் தொட்டியையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வறட்சியால் தண்ணீர் முறைவைத்து விடப்படலாம் என்ற செய்தியைப் படித்தேன். அடுக்குமாடியில் மொட்டைமாடித் தொட்டி பலருக்கும் பொது. ஒரு வீட்டுக் கழிவறைத் தொட்டி ஒழுகினாலும் குறைவது எல்லாருடைய தண்ணீரும்தான். இந்த ஒழுகல் பெரும்பாலும் சத்தமே போடாது.

அந்தத் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால், அடியிலுள்ள ரப்பர் மூடி சரியாக அடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. பாசி படிந்து விறைத்திருந்த மூடியை மாற்றியதும் நின்றது. அப்புறம், மிதவையும் பார்க்க வேண்டும்: நீர்மட்டம் உள்குழாயின் வாயைத் தொட்டால் அதன் வழியாகவும் வடியும். குடியிருப்பு நிர்வாகங்கள் இந்தச் சோதனையை மின்தூக்கி அருகே அறிவிப்பாக ஒட்டி, தனியே வசிக்கும் முதியவர்களுக்கு மூடியை மாற்றிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்யலாமே.

வாசகர், சுங்கை சிப்புட்