விற்கவே இல்லையே, பிறகு எப்படி உங்களுடையது?

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு தவணை தவறியது நான்தான். அதை மறுக்க இந்த மடலை எழுதவில்லை. 4,000 பங்குகளை அடகு வைத்து வாங்கிய கடன், வட்டியோடு 6,20,000 ரூபாயாக நின்றபோது, ஒரு வரி அறிவிப்புகூட இல்லாமல் அவற்றை உங்கள் டீமேட் கணக்குக்கு மாற்றிக்கொண்டீர்கள். அன்றைய விலை 155 ரூபாய். பெருக்கினால் கடன் பாக்கிக்குச் சரியாக வருகிறது. கணக்கு நேராகிவிட்டது என்றார் உங்கள் அதிகாரி.

பன்னிரண்டாம் நாள் முழுத் தொகைக்கும் வரைவோலை எடுத்து வந்தேன். விலை அப்போது 215. அதிகாரி வரைவோலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “பங்குகள் இப்போது எங்களுடையவை” என்று சொல்லி என் பக்கமே நகர்த்தி வைத்தார். அந்த ஒரு சொல்லில் என் 2,40,000 ரூபாய் போயிற்று.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 176 உங்களுக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. அடகை வைத்துக்கொண்டு வழக்குத் தொடரலாம். அல்லது நியாயமான முன்னறிவிப்புத் தந்து விற்கலாம். விற்றதில் குறைந்தால் மீதியை நான் கட்டவேண்டும், மிஞ்சினால் நீங்கள் தரவேண்டும். தனக்குத்தானே விலை வைத்து எடுத்துக்கொள்ளும் மூன்றாம் வழி அதில் இல்லை. டீமேட்டில் உங்கள் பெயர் ஏறுவது விற்பதற்கான ஏற்பாடுதான், விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2022-லேயே சொல்லிவிட்டது. உண்மையில் விற்கும்வரை பணம் கட்டி மீட்கும் உரிமை, பிரிவு 177-இன்படி, எனக்கு உண்டு. தவணை தவறியதால் உங்களுக்கு ஏற்பட்ட செலவையும் சேர்த்தே கட்டுகிறேன்.

விற்றீர்கள் என்றால் தரகரின் கான்ட்ராக்ட் நோட்டைக் காட்டுங்கள். காட்ட முடியாது, பங்குகள் இன்னும் உங்கள் கணக்கிலேயே கிடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கடன் தீர்ந்தது என்ற நாளுக்குப் பிறகும் என் கணக்கு அறிக்கையில் வட்டி ஏறியிருக்கிறது. பங்கைக் கேட்டால் கடன் தீர்ந்துவிட்டது. வட்டியைக் கேட்டால் கடன் உயிரோடு இருக்கிறது!

முன்னறிவிப்பு வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்டதை நினைவூட்டினீர்கள். பிரிவு 176-இன் அறிவிப்பை அப்படி ஒரு வரியால் துடைத்துவிட முடியாது என்பதை உங்கள் சட்டப் பிரிவிடம் கேளுங்கள். விலை 155-லிருந்து 100-க்கு இறங்கியிருந்தால் இதே பங்குகளை உங்களுடையவை என்று சொல்லியிருப்பீர்களா? மீதியைக் கட்டச் சொல்லி என் வாசலில் ஆள் நின்றிருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே: பணத்தைப் பெற்றுக்கொண்டு 4,000 பங்குகளையும் என் டீமேட் கணக்குக்குத் திருப்பி மாற்றுங்கள். வரைவோலை இன்னும் செல்லுபடியாகும். எந்த நாளில் வரலாம் என்று எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கடன்தாரர்