யாங்கோன்ல கணக்கு ட்யூஷன் எடுக்குற சயா, சயாமாக்களுக்கு: அந்த ஜீரோவ பத்தி ஒரு மடல்

வணக்கம். நானும் சாயங்காலத்துல வீட்ல நாலு பிள்ளைகளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறவன் தான், அதனால உங்க மேல குறை சொல்ல எழுதலன்னு முதல்லயே சொல்லிடுறேன். போன வாரம் என் அக்கா மக அவ ட்யூஷன்ல வெச்ச டெஸ்ட் பேப்பர எடுத்துட்டு வந்தா, எந்த ட்யூஷன்னு இங்க வேணாம், அந்த பேப்பர்ல ரெண்டு கணக்கு இருந்துச்சு, அத பாத்ததுல இருந்து மனசு கேக்கல.

முதல் கணக்கு இது:

(x + 3)(2 - x) = 4

அவ எழுதியிருந்தது: x + 3 = 4, அதனால x = 1. 2 - x = 4, அதனால x = -2. பக்கத்துல செவப்பு மையில பெரிய டிக், முழு மார்க்கு.

ரெண்டாவது கணக்கு (x - 3)(x + 2) = 6. அதே மாதிரி x - 3 = 6ன்னு போட்டு 9, x + 2 = 6ன்னு போட்டு 4. இதுல நாலுக்கு டிக், ஒம்பதுக்கு பெருக்கல் குறி, பாதி மார்க்கு. பிள்ள என்கிட்ட கேட்டா, "மாமா, ரெண்டையும் ஒரே மாதிரி தானே செஞ்சேன், நாலு சரின்னா ஒம்பது மட்டும் எப்படி தப்பாச்சு? கூட்டல்ல எங்கயாவது விட்டுட்டேனா?"

கூட்டல் ஒண்ணும் தப்பில்ல. முதல் வரியே தப்பு, ஆனா விடை மட்டும் பாத்து திருத்துனதால அது யார் கண்ணுலயும் படல. இனிமே அவ என்ன நெனப்பா? வழி சரி, நம்ம தான் எங்கயோ சறுக்கிட்டோம்னு தானே நெனப்பா.

அவளுக்கு நான் சொன்னத அப்படியே இங்க எழுதுறேன். ரெண்டு எண்ண பெருக்குனா ஜீரோ வருதுன்னா அதுல ஒண்ணு கண்டிப்பா ஜீரோவா இருக்கணும், ஏன்னா முதல் எண் ஜீரோ இல்லன்னு வெச்சுக்கோ, அப்ப ரெண்டு பக்கத்தையும் அதால வகுத்துடலாம், இந்த பக்கம் ரெண்டாவது எண் மட்டும் நிக்கும், அந்த பக்கம் ஜீரோவ எதால வகுத்தாலும் ஜீரோ தான், அப்ப ரெண்டாவது எண் ஜீரோ. முதல் எண் என்னன்னே தெரியாம ரெண்டாவது என்னன்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க. இதே வேலைய ஆறுக்கு செஞ்சு பாருங்க, ரெண்டாவது எண் = 6 / முதல் எண்னு வந்து நிக்கும். முதல் எண் தெரிஞ்சா தான் ரெண்டாவது தெரியும். ஆறுங்குறது 1 × 6ஆ இருக்கலாம், 2 × 3ஆ இருக்கலாம், -1 × -6, 12 × அரை, எத்தனையோ விதமா இருக்கலாம். ஒரு ப்ராக்கெட்ட மட்டும் புடிச்சு இது தான் ஆறுன்னு சொல்றதுக்கு எந்த காரணமும் இல்ல. அப்படி சொன்னா இன்னொரு ப்ராக்கெட் ஒண்ணுன்னு சொன்னதா தான் அர்த்தம், அத யாரும் பாக்குறதில்ல.

அப்புறம் எப்படி முதல் கணக்குல ரெண்டு விடையும் சரியா வந்துச்சு? அங்க தான் விஷயமே இருக்கு. (x + 3) கூட (2 - x)ஐ கூட்டிப் பாருங்க, x அடிபட்டு போயி 5 வரும், x என்னவா இருந்தாலும் 5 தான். அப்ப அந்த ரெண்டு ப்ராக்கெட்டும் கூட்டுனா 5, பெருக்குனா 4 வர்ற ரெண்டு எண். அது 4ம் 1ம் தான், வேற வழியே இல்ல. அதனால ஒண்ண 4ன்னு போட்டா இன்னொண்ணு தானா 1 ஆயிடுது, எத 4ன்னு போட்டாலும் சரி. பிள்ள செஞ்ச வழியால விடை வரல, அந்த நம்பருங்க அமைஞ்ச விதத்தால வந்துச்சு.

ரெண்டாவது கணக்குல கூட்டல் இல்ல, வித்தியாசம். (x + 2)ல இருந்து (x - 3)ஐ கழிச்சா எப்பவும் 5. பெருக்குனா 6, வித்தியாசம் 5, அப்படின்னா சின்ன ப்ராக்கெட் 1 பெரிய ப்ராக்கெட் 6, இல்லன்னா சின்னது -6 பெரியது -1. பெரிய ப்ராக்கெட்ட 6ன்னு போட்டப்ப சின்னது 1 ஆச்சு, அதனால 4 தப்பிச்சுது. சின்னத 6ன்னு போட்டா பெரியது 11, பெருக்குனா 66, அதனால 9 மாட்டிக்கிச்சு. நிஜமான இன்னொரு விடை -3, அது அவ பேப்பர்ல வரவே இல்ல. முறையா போட்டா இப்படி:

x² - x - 6 = 6
x² - x - 12 = 0
(x - 4)(x + 3) = 0
x = 4 அல்லது x = -3

பிரிச்சு எழுதி, ஆற இந்த பக்கம் கொண்டு வந்து, புதுசா ஃபேக்டர் போடணும். குடுத்த ப்ராக்கெட்டும் கடைசில வர்ற ப்ராக்கெட்டும் வேற வேறன்னு பிள்ளைங்க கண்ணால பாக்கணும். ஏற்கனவே ஃபேக்டர் போட்டு தானே குடுத்திருக்காங்க, எதுக்கு அத கலைக்கணும்னு அவங்களுக்கு தோணும், அந்த இடத்துல தான் தப்பு பொறக்குது.

இன்னொண்ணு அவளுக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. ஒரு கொட்டகை, அகலத்த விட நீளம் 5 அடி கூட, பரப்பளவு 84 சதுர அடி, அப்ப x(x + 5) = 84. அவ வழியில போனா x = 84, இல்ல x + 5 = 84. 84 அடி அகலம் 89 அடி நீளம் உள்ள கொட்டகையோட பரப்பளவு எப்படி 84ன்னு கேட்டேன், அவளே சிரிச்சுட்டா. x² + 5x - 84 = 0, (x + 12)(x - 7) = 0, அகலம் 7, நீளம் 12. -12 அகலமா இருக்க முடியாது, விட்டுடலாம்.

விடைய திருப்பி போட்டு பாத்துக்கோன்னு நாம எல்லாரும் சொல்றோம், நல்ல பழக்கம் தான், ஒம்பத அது புடிச்சிருக்கும். ஆனா முதல் கணக்குல 1ஐயும் -2ஐயும் போட்டு பாத்தா ரெண்டும் பாஸ் ஆயிடும், வழி தப்புன்னு சொல்லவே சொல்லாது. விட்டுப்போன -3ஐயும் அது காட்டிக் குடுக்காது. அதனால சயா, சயாமா, திருத்துறப்ப கடைசி வரிய பாக்குறதுக்கு முன்னாடி ஜீரோ எங்க இருக்குன்னு பாருங்க. ஜீரோ இல்லாம ப்ராக்கெட்ட தனித்தனியா பிரிச்சிருந்தா, விடை சரியா இருந்தாலும் அந்த எடத்துல ஒரு வட்டம் போட்டு இது ஏன்னு பிள்ளைய கேளுங்க.

கணக்கு குடுக்குறப்பயும் ஒரு நிமிஷம் தப்பான வழியில நீங்களே போட்டு பாருங்க. தப்பு வழியில சரியான விடை வந்தா அந்த கணக்க மாத்திடுங்க. என் அக்கா மகளுக்கு நான் குடுத்தது (x - 3)(x - 2) = 6. தப்பு வழியில 9, 8 வரும், போட்டு பாத்தா 42, 30, ரெண்டுமே நிக்காது. சரியா போட்டா x² - 5x = 0, x = 0 அல்லது x = 5. ஜீரோவே ஒரு விடையான்னு ரெண்டு தடவ கேட்டுட்டு, -3ஐயும் -2ஐயும் பெருக்கி பாத்துட்டு தான் பென்சில கீழ வெச்சா.